துடிக்கும் டியூப் லைட்டும் ஒற்றைத் தலைவலியும்

ஆசிரியருக்கு,

வன்னியில் அலுவலகக் கட்டடங்களைத் திருத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கூரை, வர்ணப்பூச்சு, தளபாடம் எல்லாம் சரி. விளக்குகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பழைய சோக் பூட்டிய டியூப் லைட் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு அதுவே வலியைக் கிளப்பிவிடும்.

கிளிநொச்சியில் தடுப்பில்லாத மண்டபமொன்றில் 20 பேருடன் வேலை செய்கிறேன். 11 மணியானால் இடக்கண்ணுக்கு மேலே குத்தத் தொடங்கும். கைபேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பார்த்தேன். என் தலைக்கு மேலிருந்த குழாய் விடாமல் துடித்தது. அதை மட்டும் அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பினேன். முற்றத்து வெயில் கணினித் திரையில் பட்டுக் கூசுவதும் நின்றது. வலி அடியோடு போகவில்லை. வாரத்தில் 3 நாள் வந்தது இப்போது ஒரு நாள்தான் வருகிறது.

திருத்த வேலையோடு பழைய சோக்குகளை அகற்றி, இலத்திரனியல் சோக் அல்லது எல்ஈடி குழாய் பூட்டலாம். மலிவான எல்ஈடியிலும் சில துடிக்கும் என்பதால், மொத்தமாக வாங்குமுன் ஒன்றை எரியவிட்டு அதே கைபேசிச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.