முதல் பணத்துக்குக் காத்திருக்கும் சேனல்காரர்களுக்கு

அன்புள்ள சக சேனல்காரர்களே,

"யூடியூப் ஸ்டூடியோவில் 100 டாலர் தாண்டிவிட்டது, பணம் ஏன் வரவில்லை?" மாதக் கடைசி வந்தால் உங்களில் யாராவது இதைக் கேட்டுவிடுகிறீர்கள். கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. அதே தொகையை நம்பிப் புதுக் கேமராவுக்கு முன்பணம் கொடுத்தவன் நான்.

யூடியூப் ஸ்டூடியோ காட்டுவது மதிப்பீட்டு வருமானம். பணம் அனுப்புவதற்கான குறைந்தபட்ச வரம்பை எட்டினோமா என்று பார்க்கப்படுவது, கூகுள் நமக்கு விளம்பரப் பணம் தரும் ஆட்சென்ஸ் கணக்கில் ஏறிய இறுதி இருப்பை வைத்து. டாலர் கணக்குக்கு அந்த வரம்பு 100. ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 7 முதல் 12ஆம் தேதிக்குள் இருப்பில் ஏறும். வரம்பை எட்டியிருந்தால் அதே மாதம் 21 முதல் 26க்குள் பணம் விடுவிக்கப்படும்.

என் கதையைக் கேளுங்கள். ஸ்டூடியோ மார்ச்சில் 62 டாலரும் ஏப்ரலில் 44 டாலரும் காட்டியது. கூட்டினால் 106. மே 12 அன்று ஆட்சென்ஸைத் திறந்தால் இருப்பு 98 டாலர் 60 சென்ட். போலிப் பார்வைகளால் வந்த தொகையைக் கழித்திருந்தார்கள். ஒன்றரை டாலர்கூடக் குறைவில்லை. அதை மே மாதத்தின் முதல் இரண்டு நாளிலேயே சம்பாதித்தும்விட்டேன். பயனில்லை. மே வருமானம் ஜூனில்தான் இருப்பில் ஏறும் என்பதால், பணம் விடுவிக்கப்பட்டது ஜூன் 22இல். அதுவரை கேமராக் கடைக்காரர் முகத்தில் விழிக்காமல் திரிந்தேன். ஒன்று மட்டும் ஆறுதல்: வரம்பை எட்டாத தொகை அழிவதில்லை, அடுத்த மாதத்தோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே ஸ்டூடியோவை மூடிவிட்டு, ஆட்சென்ஸில் Payments பகுதிக்குள் Payments info பக்கத்தைத் திறந்து பாருங்கள். சொந்தமாக வலைத்தளம் வைத்து அதிலும் விளம்பரம் போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இருப்பு வேறு, யூடியூப் இருப்பு வேறு. இரண்டையும் கூட்டி வரம்பைத் தாண்ட முடியாது.

இருப்பு 100ஐத் தாண்டியும் பணம் நகரவில்லையா? அந்தப் பக்கத்தின் மேலே நிறுத்திவைப்பு அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முகவரிச் சரிபார்ப்புதான் காரணமாக இருக்கும். இருப்பு 10 டாலரை எட்டியதும் முகவரியை உறுதிசெய்யும் PIN எண் தாங்கிய கடிதம் சாதாரணத் தபாலில் புறப்படும். வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். பழைய வீட்டு முகவரியைக் கணக்கில் விட்டுவைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும். கடிதம் தொலைந்தால் மறுபடி கேட்டுப் பெறலாம்.

எந்தத் தடையையும் 20ஆம் தேதிக்குள் நீக்கிவிடுங்கள். 21ஆம் தேதி நீக்கினால் அந்த மாதச் சுற்று கைவிட்டுப் போயிருக்கும்.

இப்படிக்கு,
98 டாலர் 60 சென்ட்டில் நின்றவன்