செக் பவுன்ஸ் என்று எழுதட்டும், பணம் கையில் என்று எழுத வேண்டாம்: பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் தலைவர் மற்றும் உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் நூல் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். வழக்கறிஞர் அலுவலகங்களின் இணையப் பக்கங்களில், எந்தெந்த வழக்குகளை எடுத்து நடத்துகிறார்கள் என்பதைச் சொல்லும் தலைப்புகளை ஒழுங்குபடுத்தித் தருமாறு கேட்டு இதை எழுதுகிறேன். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்னும் 36-ஆவது விதியைப் பற்றியோ, இணையம் வழியாக வழக்குப் பிடிப்பதற்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைப் பற்றியோ தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த விதிக்கும் சாதாரண மனிதனின் கண்ணுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

நான் கணக்குப் பார்க்கும் வியாபாரி ஒருவருக்கு, சரக்கு வாங்கியவர் 4,80,000 ரூபாய்க்கு ஜனவரி 10 தேதியிட்டு ஒரு செக் கொடுத்திருந்தார். கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால் மார்ச் கடைசியில்தான் அது வங்கிக்குப் போனது. கணக்கில் பணம் போதவில்லை என்ற குறிப்போடு அது திரும்பிய தகவல் ஏப்ரல் 2 அன்று கைக்கு வந்தது. அன்றிரவே அவர் தம் செல்பேசியில் வக்கீல் தேடினார். முதலில் வந்த பக்கத்தின் தலைப்பு, அலுவலகத்தின் நீண்ட பெயரோடு தொடங்கி, "வணிகத் தகராறு தீர்வு மற்றும் வங்கியியல்" என்று பாதியில் அறுந்து நின்றது. தம் கையில் இருக்கும் செக்குக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த பக்கம் "செக் பவுன்ஸா? 30 நாளில் பணம் உங்கள் கையில், 100% வெற்றி" என்றது. மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதிதான் அவரைக் கெடுத்தது. எப்போது போனாலும் முப்பது நாளில் பணம் வந்துவிடும் என்றால் அவசரம் எதற்கு, சரக்கு வாங்கியவருக்கு இன்னும் சில வாரம் தவணை கொடுத்துப் பார்ப்போம் என்று அவர் காத்திருந்தார். மே 7 அன்று அந்த அலுவலகத்துக்குப் போனார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் முப்பது நாள் என்பது பணம் வரும் கெடு அன்று. செக் திரும்பிய தகவல் கிடைத்த பிறகு, பணத்தைக் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப நமக்கு இருக்கும் கெடு. அது மே 2 அன்றே முடிந்திருந்தது. புகார் தாக்கல் செய்வதில் தாமதமானால் தக்க காரணம் காட்டி நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அப்படி ஒரு வழி சட்டத்தில் இல்லை. செக்கை மறுபடியும் வங்கியில் போட்டு, அது திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான், அது ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. செக் திரும்பியதற்குக் குற்ற வழக்குப் போட வழிசெய்யும் 138-ஆவது பிரிவின் கதவு மூடிய பின் அவருக்கு மிச்சம் இருப்பது, கோர்ட் கட்டணம் கட்டி நடத்த வேண்டிய சிவில் வழக்கு.

அவர் சரியான நாளில் நோட்டீஸ் அனுப்பியிருந்தாலும் அந்தத் தலைப்பு பொய்தான் என்பது தங்களுக்குத் தெரியும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட எதிராளிக்குச் சட்டமே 15 நாள் தருகிறது. அவர் கட்டாவிட்டால் அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம் வைத்திருக்கும் இலக்கு. அந்த இலக்கே எட்டாமல் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் ஊரில், முப்பது நாளில் பணம் என்று ஒருவர் தலைப்பு வைக்கிறார். எதிராளி தாமாகப் பயந்து கட்டினால் ஒழிய அது நடக்காது. அடுத்தவரின் பயத்துக்கு இவர் எப்படி உறுதி கொடுக்க முடியும்?

இதில் விதியின் பங்கும் இருக்கிறது என்பதைப் பணிவுடன் சொல்லியாக வேண்டும். 2008 திருத்தத்தின்படி வழக்கறிஞர் இணையத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், பதிவு விவரம், படிப்பு, வழக்கு நடத்தும் துறைகள் ஆகியவற்றைத்தான் தர முடியும். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் விதிமீறல். ஆகவே, கட்சிக்காரருக்கு விஷயத்தைச் சொல்ல நேர்மையான வழக்கறிஞருக்கு இருக்கும் ஒரே இடம் அந்தத் துறையின் பெயர்தான். அதற்கு அந்த விதியின் அட்டவணை காட்டும் உதாரணங்களோ சிவில், கிரிமினல், வரி, தொழிலாளர் என்ற நான்கும், பிறகு ஒரு "முதலியன"வும். விதிக்கு அஞ்சுபவர் அந்த நான்கில் ஒன்றை எழுதிவிட்டுக் கட்சிக்காரரின் கண்ணில் படாமல் போகிறார். அஞ்சாதவர் "முதலியன"வுக்குள் 100% வெற்றியை வைத்துக்கொள்கிறார். பெயர்ப்பலகை நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று கவலைப்பட்ட விதிக்கு, உள்ளங்கைத் திரையில் விற்கப்படும் வெற்றி மட்டும் எப்படியோ அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

எனவே என் கோரிக்கை: மக்களுக்குப் புரிகிற, முடிவை வாக்களிக்காத மாதிரித் தலைப்புகளின் பட்டியல் ஒன்றைத் தாங்கள் தயாரித்து, இந்திய பார் கவுன்சிலின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்.

அதைத் தயாரிப்பது கடினமன்று. வந்தவருக்கு என்ன நேர்ந்தது, வக்கீல் என்ன செய்வார் என்ற இரண்டை மட்டும் தலைப்பு சொன்னால் போதும். என்ன கிடைக்கும் என்ற மூன்றாவதைத் தொடவே கூடாது. "செக் பவுன்ஸ்: நோட்டீஸ் மற்றும் வழக்கு" என்ற தலைப்பு யாருக்கும் புரியும், எதையும் வாக்களிக்காது. அதுவே "செக் பணம் மீட்பு" ஆனால், 100% என்று எழுதாமலேயே வாக்குறுதி உள்ளே வந்துவிடுகிறது. "ஜாமீன் மனு" சரி, "உடனடி ஜாமீன்" தவறு. "விபத்து இழப்பீடு கோரும் வழக்கு" சரி, "அதிகபட்ச இழப்பீடு பெற்றுத் தருதல்" தவறு. "நிபுணர்" என்ற ஒட்டும் வேண்டாம். பெயர்ப்பலகையில் கூடாதது பக்கத்தின் தலைப்பிலும் கூடாதல்லவா? "ஒரே மாதத்தில் விவாகரத்து" என்று எழுதுபவரைப் பற்றி என்ன சொல்ல! பரஸ்பர சம்மதத்துக்கே இந்துத் திருமணச் சட்டம் ஓராண்டு பிரிந்து வாழ்வதையும் ஆறு மாத இடைவெளியையும் வைத்திருக்கிறது. அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதும்கூட நீதிமன்றத்தின் விருப்புரிமையே தவிர வக்கீலின் கையிருப்பு அன்று.

வழக்கின் பெயர் முதலிலும் அலுவலகத்தின் பெயர் கடைசியிலும் வர வேண்டும் என்ற ஒரு வரியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடல் முடிவுகளில் நீண்ட தலைப்பின் வால்தான் வெட்டப்படுகிறது. வெட்டுப்படுவது நிறுவனர்களின் பெயராக இருந்தால் யாருக்கும் நோட்டீஸ் கெடு தவறாது.

இந்த வியாபாரியின் விஷயத்தில் யார் மீதும் நடவடிக்கை கேட்டு நான் வரவில்லை. டெல்லியின் ஒப்புதல் வர நாளாகும் என்பதும் தெரியும். அதுவரை, "100%", "உறுதி", இத்தனை நாளில் என்ற கெடு ஆகிய மூன்றையும் தலைப்புகளிலிருந்து எடுத்துவிடும்படி தங்கள் பதிவேட்டில் உள்ள வழக்கறிஞர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூல் வியாபாரிகளின் கணக்கர் ஒருவர்,
திருப்பூர்.