செக்கு போட ஆறு மாதம்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம். கோவையில் நம் பம்பு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊரில் ஒரு மரச்செக்கு போட இருக்கிறேன். அதற்காக வரும் ஜனவரி முதல் ஜூன் வரை சம்பளமில்லா விடுப்பு கேட்கிறேன். வேலையை விட மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். நிலக்கடலைப் பருப்பை வெயிலில் காய வைக்க வேண்டும், ஆட்டிய எண்ணெய் தெளிய இரண்டு மூன்று நாள் வேண்டும். ஷிப்ட் மாறி மாறி வரும் ஆளால் இதைத் தொடர்ந்து கவனிக்க முடியாது.

சரி, மூன்று மாதம் போதாதா? போதாது. மும்முனை மின் இணைப்பு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, செக்கு நிறுவுவது என்று முதல் இரண்டு மாதம் போய்விடும். அப்புறம், ஒரு வீட்டில் எண்ணெய் வாங்குவது பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு முறைதான். முதல் முறை தெரிந்தவர் என்பதற்காக வாங்குவார்கள். மூன்றாம், நான்காம் முறையும் வருகிறார்களா என்பதில்தான் தொழில் நிற்குமா என்று தெரியும். விலையும் அப்படித்தான். 100 கிலோ பருப்பில் ஏறத்தாழ 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். பருப்பு கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் எண்ணெய் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். அந்த விலையிலும் வாங்குகிறார்களா என்று நான் பார்த்தாக வேண்டும்.

சுவீடனில் 1997-இல் வந்த சட்டம் சொந்தத் தொழில் தொடங்க ஆறு மாதம் வரை விடுப்பு தருகிறது. மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், முதலாளிக்குப் போட்டியான தொழிலாக இருக்கக் கூடாது, நிறுவனத்துக்குப் பெரிய இடைஞ்சல் வரக் கூடாது. நியாயமான நிபந்தனைகள் என்று நினைக்கிறேன், நானும் அவற்றுக்குக் கட்டுப்படுகிறேன். பம்புக்கும் எண்ணெய்க்கும் போட்டி இல்லை. ஜனவரிக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் என் பிரிவில் இருக்கும் தம்பிக்குச் சோதனை மேடை வேலை முழுவதையும் பழக்கிவிடுவேன். திரும்பி வருவேனா மாட்டேனா என்பதை மே முதல் தேதிக்குள் எழுதித் தருவேன். நீங்கள் ஆள் எடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியது எழுத்தில் ஒரு கடிதம். வாய்மொழியாகப் போய்வா என்றால், நாளைக்கு மேலாளர் மாறினால் அதற்கு மதிப்பில்லை. இதே வேலை, இல்லையென்றால் இதே சம்பளத்தில் இணையான வேலை என்று அதில் இருக்கட்டும். இந்த ஆறு மாதம் பணி முறிவு ஆகாது என்பதும் இருக்க வேண்டும். எனக்கு இது நான்காம் ஆண்டு. இப்போது ராஜினாமா செய்தால் பணிக்கொடைக்கான ஐந்து ஆண்டுக் கணக்கு அறுந்துவிடும். சம்பளம் இல்லாத மாதங்களில் வருங்கால வைப்பு நிதிக்குப் பணம் சேராது, அது எனக்குத் தெரியும். குடும்ப மருத்துவக் காப்பீட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்த மாதங்களுக்கான பிரீமியத்தை முன்பணமாகவே கட்டிவிடுகிறேன்.

இந்த மாத இறுதிக்குள் பதில் சொன்னால் செக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தரப் பரிசோதனைப் பிரிவு ஊழியர்