பால்மோரல் மதிய உணவும் லண்டன் கொலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1888ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளைப் பற்றிய தங்கள் கட்டுரை, விக்டோரியா ராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர்தான் கொலைகாரர் என்ற பழைய சந்தேகத்தை ‘இன்றுவரை தீராதது’ என்று குறிப்பிடுகிறது. அது தீர்ந்துவிட்ட ஒன்று என்பதால்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 30 அதிகாலையில் இரு பெண்கள் கொல்லப்பட்டனர். லண்டனின் மைட்டர் சதுக்கத்தில் ரோந்து வந்த காவலர் வாட்கின்ஸ், ஒன்றரை மணிக்கு அங்கே எதையும் காணவில்லை. அடுத்த சுற்றில், ஒன்றேமுக்காலுக்கு, கேத்தரின் எடோஸின் உடலைக் கண்டார். மாறாத பாதையில் சுற்றி வருபவரின் சாட்சியம் என்பதால், கொலை நேரம் கால் மணிக்குள் அடங்கிவிடுகிறது. அதே நாள் இளவரசர் ஸ்காட்லாந்தின் பால்மோரலில் தம்மோடு மதிய உணவு உண்டதாக ராணியின் நாட்குறிப்பு சொல்கிறது. இடைப்பட்ட தூரமோ ஐந்நூறு மைலுக்கும் அதிகம்.

இனி ரயில் கணக்கு. இங்கே பலர் சறுக்குவது பிற்காலத்து வேகத்தை எடுத்துக்கொள்வதால்தான். போட்டி போட்டுக்கொண்டு ரயில்கள் ஓடிய 1888 ஆகஸ்டிலேயே, லண்டனிலிருந்து எடின்பரோ செல்ல மிகக் குறைந்த நேரம் ஏறக்குறைய ஏழரை மணி. கொலை முடிந்த அரை மணியில் அப்படியொரு ரயில் தயாராக நின்றது என்றே வைத்துக்கொண்டாலும், எடின்பரோவை அடையும்போது காலை ஒன்பதே முக்கால் ஆகிவிடும். அதற்கு மேல் வடக்கே போக ஃபோர்த் பாலம் அப்போது இல்லை. அது திறக்கப்பட்டது 1890இல். படகில் கடந்தோ சுற்றுவழியிலோ அபர்டீன் சேர மூன்று மணி நேரமாவது பிடிக்கும். பிறகு பாலேட்டர் வரை கிளைப்பாதையில் 43 மைல், கடைசியில் குதிரை வண்டி. மதிய உணவு வேளை கடந்து இரண்டரை மணிக்கு மேல்தான் ஒருவர் அங்கே போய் இறங்க முடியும். போதாக்குறைக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான வண்டிகளே குறைவு. தனி ரயில் விட்டிருந்தால் வழியெங்கும் சிக்னல் அறைப் பதிவேடுகளில் அது ஏறியிருக்க வேண்டும்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ராணியின் மூல நாட்குறிப்பு இன்று இல்லை. அவருடைய மகள் பீட்ரிஸ் பலவற்றை நீக்கிப் படியெடுத்துவிட்டு மூலத்தை எரித்துவிட்டார். ஆகவே அதை மட்டும் நம்பி முடிவு கட்டுவது சரியல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் இளவரசர் செப்டம்பர் 27 முதல் 30 வரை பால்மோரலை அடுத்த அபர்கெல்டியில் இருந்ததை அரண்மனைப் பதிவுகளும் காட்டுகின்றன. அரச குடும்பத்தாரின் போக்குவரத்து அன்றாடம் நாளிதழ்களில் வெளியான காலம் அது. பீட்ரிஸின் கத்தரிக்கோல் அச்சான செய்தித்தாள்களை எட்டவில்லை. இளவரசர்மீது சந்தேகம் அச்சில் எழுந்ததோ எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. யாரும் கேட்காத கேள்விக்கு முன்கூட்டியே பொய்ப் பதில் தயாரித்து வைக்க எவருக்கும் காரணம் இருந்திருக்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்