பென்ஷன், பாஸ்புக், பட்டா

குன்னூர்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான்கு நாளாக மூடுபனி, மத்தியானம்கூட விளக்கைப் போட வேண்டியிருக்கிறது. அண்ணன் போன துக்கத்திலிருந்து அம்மா இன்னும் எழவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வயதில் பிள்ளையைப் பறிகொடுப்பது எவ்வளவு பெரிய பாரம். அவர்கள் சாப்பிடுகிறார்களா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அண்ணியின் காரியத்துக்கு வருகிறேன். வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகுதான் எதையும் தொடங்க முடியும் என்று யாரோ சொல்லி, அவர் காத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அது தவறு. பென்ஷன், வங்கிப் பணம், நிலம் மூன்றும் மூன்று வேறு சட்டங்களில் நிற்கின்றன. ஒன்றுக்குத் தேவைப்படும் காகிதம் இன்னொன்றுக்குத் தேவைப்படாது. மூன்றுக்கும் பொதுவானது இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

அதை முதலில் எடுத்துப் பாருங்கள். அண்ணன் இறந்தது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், கோத்தகிரியில் தேடினால் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் அவசரத்தில் சொன்ன பெயர்தான் அதில் ஏறியிருக்கும். அண்ணனின் பெயர், இனிஷியல், அவருடைய தகப்பனார் பெயர், அண்ணி பெயர் எல்லாவற்றையும் ஆதாரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் பதிவு செய்த அலுவலகத்திலேயே திருத்த வேண்டும். பிழையோடு மற்ற காகிதங்களை வாங்கிவிட்டால் அந்தப் பிழை எல்லாவற்றிலும் ஏறிவிடும். அப்புறம் மூன்று அலுவலகத்துக்கும் மலை ஏறி இறங்க வேண்டியதுதான்.

இப்போது பென்ஷன். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று பி.எஃப். பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். அவர் இறந்ததும் அதில் பாதி மனைவிக்கு வரும். மாதம் 2,600 வாங்கினார் என்றாய், அண்ணிக்கு 1,300. பாதி ஆயிரத்துக்குக் கீழே போனாலும் குறைந்தபட்சமாக 1,000 கொடுக்க வேண்டும் என்பது விதி. இது அண்ணிக்கு மட்டும் உரியது. அம்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ இதில் பங்கு கிடையாது, பிள்ளைகள் இருவரும் 25 வயதைத் தாண்டியவர்கள். அதனால் வாரிசுச் சான்றிதழுக்காக நிற்காமல் 10டி படிவம், அண்ணனின் பென்ஷன் ஆணை, இறப்புச் சான்றிதழ், அண்ணியின் ஆதார், அவர் பெயரிலுள்ள பாஸ்புக் நகல் இவற்றோடு பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கலாம். அண்ணன் இறந்த மறுநாளிலிருந்தே அண்ணியின் பென்ஷன் கணக்காகும், தாமதமான மாதங்களுக்கு நிலுவையாக வரும்.

சிக்கல் வருவது பென்ஷன் ஆணையில்தான். அதில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். அண்ணியை வீட்டில் எல்லாரும் கூப்பிடும் பெயர் அதில் இருந்து, ஆதாரில் வேறு பெயர் இருந்தால் அலுவலகம் திருப்பி அனுப்பும். அப்படியிருந்தால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கான சான்றை மனுவோடு சேர்த்தே கொடுங்கள், அவர்கள் கேட்கும்வரை விடாதீர்கள். இன்னொன்று, அண்ணன் இறந்த பிறகும் அவருடைய கணக்கில் பென்ஷன் விழுந்திருக்கலாம். அதை ஏடிஎம்மில் எடுத்துவிடாதீர்கள். திரும்பக் கேட்பார்கள்.

பென்ஷன் தொடங்கிய பிறகு வருடத்துக்கு ஒரு முறை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். அண்ணி முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர், அவருடைய கட்டைவிரலைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, கறை படிந்து ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். கைரேகைக் கருவி அதை எடுக்காது. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். அங்கேயே கருவிழி அல்லது முகப் பதிவில் எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது.

வங்கிக்கு வருகிறேன். மூன்று லட்சம் வைப்புத்தொகை அண்ணன் பெயரில் மட்டும் இருக்கிறது, நாமினி மகன். நாமினி இருக்கும்போது வங்கி அவர் கையில் பணத்தைக் கொடுத்துவிடும். இறப்புச் சான்றிதழும் மகனின் அடையாளமும் உரிமைக் கோரிக்கைப் படிவமும் போதும், கோர்ட்டு வாரிசுரிமைச் சான்று கேட்கக் கூடாது. முழுக் காகிதங்களும் கொடுத்தால் பதினைந்து நாளில் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் நாமினி என்றால் பணம் அவருக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லை. எல்லா வாரிசுகளுக்காகவும் அவர் வாங்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். உயில் இல்லாததால் அண்ணி, மகன், மகள், உன் அம்மா நால்வருக்கும் சம பங்கு, ஆளுக்கு 75,000. மகனிடம் இதை இப்போதே அன்பாகச் சொல்லிவிடு. பணம் செலவான பிறகு சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

நிலத்திலும் இதே நால்வர்தான். அண்ணன் சொந்தமாக வாங்கிய தேயிலை நிலம் என்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மகன், மகள், தாய் நால்வருக்கும் கால் கால் பங்கு. பல குடும்பங்களில் தாயின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கிறார்கள். கட்டிக்கொடுத்த மகளின் பெயரையும் விடுகிறார்கள். இரண்டும் தவறு. பிற்பாடு நிலத்தை விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது வக்கீல் அங்கேதான் கை வைப்பார். (கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு கிடையாது. உன் பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் சொல்.)

ஆகவே இங்கேதான் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்து தாசில்தார் கொடுப்பார். அது வந்ததும் உட்பிரிவு இல்லாத பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்து நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள். நிலம் உண்மையில் அண்ணன் பெயரிலேயே பட்டா ஆகியிருக்கிறதா, விற்றவர் பெயரிலேயே நிற்கிறதா என்று முன்பே பார். விற்றவர் பெயரில் இருந்தால் கிரயப் பத்திரத்தை வைத்து முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நிலம் அண்ணி ஒருவர் பெயரில் இருக்க வேண்டும் என்று அம்மா விரும்புவதாக எழுதியிருந்தாய். வாயால் சொன்னால் சட்டத்தில் நிற்காது, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அதை அம்மா தெளிவாக இருக்கும்போதே செய்யச் சொல். அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் போகும், அதாவது உன் கையெழுத்தும் உன் தம்பியின் கையெழுத்தும் தேவைப்படும். அண்ணிக்கோ அதில் ஒன்றும் வராது. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை குறைவு, ஆனால் மாமியார் மருமகளுக்கு எழுதும்போது அந்தச் சலுகை பொருந்துமா என்று சார்பதிவாளரிடம் கேட்டுவிட்டுப் பத்திரம் எழுதுங்கள்.

கொழுந்துப் பணம் இன்னும் அண்ணன் கணக்குக்குத்தான் போகிறதா? அப்படியானால் தொழிற்சாலையில் சொல்லி, கொழுந்து போடும் பெயரையும் வங்கிக் கணக்கையும் அண்ணி பெயருக்கு இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். வங்கிக்கு இறப்பைத் தெரிவித்தவுடன் அந்தக் கணக்கு முடங்கும், பறிப்புக் கூலி கொடுக்கக்கூடப் பணம் இருக்காது.

பென்ஷன் ஆணையின் முதல் பக்கத்தையும் அண்ணியின் ஆதாரையும் போட்டோ எடுத்து அனுப்பு. பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு 10டி படிவத்தை நிரப்பி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை கோத்தகிரிக்கு வரும்போது அண்ணியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மீனாட்சி