கலப்பட வழக்கும் கடைக்காரரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கலப்பட எண்ணெய் வித்த கடைக்காரர் 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க'ன்னு சொன்னதா உங்க பேப்பர்ல படிச்சேன். தெரியுமா தெரியாதாங்கறது இந்த மாதிரி வழக்குல பெருசா எடுபடாதுங்க. 1954 கலப்படத் தடுப்புச் சட்டத்துலயே, பொருளோட தரம் தெரியாம வித்தேன்னு மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு எழுதி வச்சிருந்தாங்க, ஒரு கடுகு எண்ணெய் வழக்குல சுப்ரீம் கோர்ட் சம்பளத்துக்கு நின்னு வித்த ஊழியரையும் விடல.

காரணம் இருக்கு. கடைக்காரர் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அதிகாரி எப்படி நிரூபிப்பாரு? அதை நிரூபிச்சே ஆகணும்னா பாதி கேஸ் நிக்காது, எண்ணெய் வாங்குற நம்மளாலயும் டெஸ்ட் பண்ணிப் பாக்க முடியாது, சரக்கை செக் பண்ற இடத்துல இருக்கறது விக்கறவர்தான்.

ஆனா சும்மா ஃபைன்னா சரி, ஜெயில்னா? தப்பே பண்ணாதவன உள்ள தள்றது எனக்கு ஒப்பல. இப்போ இருக்கற 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் பரவால்ல, 80வது பிரிவுல ஒரு வழி விட்டிருக்கு: முடிஞ்ச அளவு எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன்னு விக்கறவரே நிரூபிச்சா தப்பிக்கலாம். அதுக்கு சப்ளையர் பில், வாங்கினப்போ செக் பண்ண ரெக்கார்டு எல்லாம் வேணும். பெரிய கம்பெனிகிட்ட அதுக்குன்னே ஆள் இருக்கும், சந்தைல சில்லறையா வாங்கி விக்கற அக்காகிட்ட பில்லே இருக்காதே (குடுன்னு கேட்டாலும் மொத்த வியாபாரி குடுக்கணுமே). மொத்த வியாபாரியை பில் போட வைக்காம சின்னக் கடையில மட்டும் சாம்பிள் எடுத்துட்டுப் போறது என்னங்க நியாயம்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு