ஆயிரத்து ஐந்தும் ஐயாயிரமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேரனின் பயிற்சித்தாளை நீ படம் எடுத்து அனுப்பியிருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். “இவனுக்குத் தமிழ் எண்களே வரவில்லை அப்பா” என்று கீழே எழுதியிருக்கிறாய். அது சரியில்லை. ஒன்று முதல் பத்து வரை, நூறு, ஆயிரம், லட்சம் எல்லாம் ஒரு பிழையில்லாமல் எழுதியிருக்கிறான். 105க்கு ‘ஐந்நூறு’ என்றும், 1,005க்கு ‘ஆயிரம் ஐந்து’ என்றும், 1,00,100க்கு ‘நூறு ஆயிரம் நூறு’ என்றும் எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். பெயர்கள் தெரிகின்றன, ஒன்றோடொன்று சேர்க்கத் தெரியவில்லை. நீ கேட்டபடி புதுத் தாள் ஒன்று தயார் செய்து இதோடு வைத்திருக்கிறேன். அதை எப்படிச் சொல்லித் தருவது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஐந்நூறையும் நூற்றைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டு. இரண்டிலும் ஐந்தும் நூறும்தான் இருக்கின்றன. சின்ன எண் பெரிய எண்ணுக்கு முன்னால் நின்றால் பெருக்கல், பின்னால் நின்றால் கூட்டல். ஐந்நூறு என்றால் ஐந்து நூறு. நூற்றைந்து என்றால் நூறும் அதற்கு மேல் ஐந்தும். ஐயாயிரமும் ஆயிரத்து ஐந்தும் அதே கதைதான். மூவாயிரம், முந்நூறு, நானூறு என்று உருவம் மாறுவதைக் கண்டு அவன் மிரண்டால், அந்த ஏழெட்டுச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல். அதற்கு விதி சொல்லிப் புரியவைக்கும் வயது இன்னும் வரவில்லை. முந்நூறை ‘முன்னூறு’ என்று மட்டும் எழுதவிடாதே. மூன்றிலிருந்து வந்த சொல் அது, ‘முன்’னிலிருந்து வந்ததில்லை.

அடுத்ததுதான் முக்கியம். பள்ளியில் இதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. தமிழில் ஓர் எண் முடிந்துவிட்டதா, இன்னும் வருமா என்பதை அதன் வாலே சொல்லிவிடும். ‘ஆயிரம்’ என்றால் முடிந்தது. ‘ஆயிரத்து’ என்றால் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காதே, பின்னால் ஏதோ வருகிறது. நூறு முடிவு, நூற்று தொடர்ச்சி. இருபது முடிவு, இருபத்து தொடர்ச்சி. லட்சம், லட்சத்து. கோடி மட்டும் ‘கோடியே’ என்று வேறு வால் போட்டுக்கொள்ளும்: ஒரு கோடியே ஐந்து லட்சம். நம் வீட்டில் பேசும்போது ‘நூத்தி இருபது’, ‘இருபத்தி மூணு’ என்றுதான் சொல்கிறோம், அதனால் பையன் ‘நூற்றி’ என்று எழுதுகிறான். எழுத்தில் அது நூற்று என்று ஒரே ஒரு தடவை சொல், பேச்சைத் திருத்தப் போகாதே.

இந்த வால் கூட்டலில்தான் முளைக்கும், பெருக்கலில் முளைக்காது. இருபதாயிரம் என்று சொல்லும்போது இருபது வால் மாறாமல் ஆயிரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நூறாயிரம் என்றாலும் அப்படியே, அது ஒரு லட்சம். ‘ஆயிரத்து நூறு’ என்னும்போது ஆயிரத்துக்கு வால் வந்துவிட்டது, ஆகவே கூட்டல், 1,100. ஆயிரம், நூறு என்ற அதே இரண்டு சொற்கள், ஒன்றில் லட்சம், இன்னொன்றில் ஆயிரத்து நூறு. அவன் 1,00,100க்கு எழுதிய ‘நூறு ஆயிரம் நூறு’ எங்கே தடுக்குகிறது என்று இப்போது உனக்கே தெரியும். நூறாயிரத்து நூறு என்று எழுதியிருந்தால் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு லட்சத்து நூறு என்பதுதான் நம் வழக்கு.

அங்கே அவன் பள்ளியில் காற்புள்ளியை மூன்று மூன்று இலக்கமாகப் போடுகிறார்கள், அதுவும் ஒரு சிக்கல். 125,000 என்று பார்த்ததும் ‘நூற்று இருபத்தைந்து ஆயிரம்’ என்று வாசிக்கிறான், கண் சொல்வதை வாய் சொல்கிறது. நாம் வலப்பக்கமிருந்து முதலில் மூன்று இலக்கம், அப்புறம் இரண்டு இரண்டாக வெட்டுகிறோம். 1,25,040 என்று எழுதிக் காட்டு. கடைசிக் காற்புள்ளியில் ஆயிரம் நிற்கிறது, அதற்கு இடப்பக்கம் உள்ளதில் லட்சம் நிற்கிறது. ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து நாற்பது. காற்புள்ளியைத் தமிழ் முறையில் மாற்றிப் போட்ட பிறகுதான் வாசிக்க விட வேண்டும். பாதியில் மாற்றினால் குழம்பிவிடுவான்.

எழுத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பும்போது வேறு விதமான தப்பு வரும். ‘ஆயிரத்து ஐந்து’ என்று நீ வாசித்தால் அவன் 10005 என்று எழுதக்கூடும். அல்லது 1500 என்று எழுதுவான். இரண்டையும் ஒரே சிவப்பு மையால் அடித்துவிடாதே. 10005 எழுதுகிறவன் காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் இறக்குகிறான்: முதலில் 1000, அதன் பின்னால் 5. அவனுக்கு அட்டை வேண்டும். ஓர் அட்டையில் 1000, சிறிய அட்டையில் 5. சின்ன அட்டையைப் பெரிய அட்டையின் வலது ஓரத்தோடு ஒட்டி மேலே வைத்தால் கடைசிப் பூஜ்யம் மறைந்து 1005 தெரியும். இரண்டு நாளில் பிடித்துக்கொள்வான். 1500 எழுதுகிறவனுக்குச் சிக்கல் வேறு, எந்த இலக்கத்துக்கு எந்த இடம் என்பது நழுவுகிறது. அவனை முதலில் நாலு கட்டம் போடச் சொல். ஆயிரம் என்று கேட்டால் நாலு கட்டம், லட்சம் என்று கேட்டால் ஆறு. கேட்டதை அதனதன் கட்டத்தில் நிரப்பி, காலியானதில் கடைசியாகப் பூஜ்யம்.

பூஜ்யத்துக்கு எழுத்தில் ஓசையே இல்லை என்பதுதான் இதற்கெல்லாம் காரணம். நம் பழைய தமிழ் எண்களிலும் அப்படித்தான். ஆயிரத்து ஐந்தை ௲௫ என்று எழுதினார்கள்: ஆயிரத்துக்கு ஒரு குறி, ஐந்துக்கு ஒரு குறி, நடுவில் ஒன்றுமில்லை. ஆயிரத்து ஐம்பது ௲௫௰. சொல்வது போலவே எழுத்து. பேரனுக்கு இதைக் காட்டு, ரகசிய மொழி மாதிரி இருப்பதால் அவனுக்குப் பிடிக்கும்.

ஒன்பதைப் பற்றி இரண்டு வரி. 90ஐ ‘ஒன்பதுபது’ என்று சொல்லாமல் தொண்ணூறு என்கிறோமே, ஏன் அதில் நூறு வருகிறது என்று அவன் கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. 900லும் ஆயிரம் வந்து உட்கார்ந்திருக்கிறது, தொள்ளாயிரம். ஒன்பதிலேயே ‘பது’ இருக்கிறது. ஒன்பது வரும் இடத்தில் தமிழ் ஒரு படி மேலே உள்ள பெயரை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒன்பதாயிரத்தில் அந்த வழக்கம் நின்றுவிடுகிறது. ஆகவே 9,990 என்பது ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. தாளில் இதை நாலாவது கணக்காக வைத்திருக்கிறேன். தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும் வாசிக்கும்போது மாறிப்போகும் சொற்கள், கவனித்துக் கேள்.

இனி பணம். நான் கடன் சங்கத்தில் கேஷில் உட்கார்ந்த முதல் வருஷம் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஓர் உறுப்பினர் பணம் எடுக்கும் சீட்டை நீட்டினார். எண்ணில் 10,050, எழுத்தில் ‘பத்தாயிரத்து ஐம்பது’. கூட்டம். நான் எண்ணை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து 10,500 என்று எண்ணிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 450 ரூபாய் குறைகிறது. வயிறு கலங்கிவிட்டது. மூத்த கேஷியர் தொகையைக் கேட்டார். “ஒன்பதால் வகுபடுதா பாரு” என்றார். 450ஐ ஒன்பதால் வகுத்தால் 50, மீதி இல்லை. “அப்போ எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கு, சீட்டைப் புரட்டு” என்றார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வகுபட்டுவிட்டால் அதுதான் காரணம் என்று உறுதியில்லை, ஆனால் எங்கே முதலில் தேடுவது என்று தெரிந்துவிடும். பதினைந்து நிமிடத்தில் சீட்டு அகப்பட்டது. அந்த உறுப்பினர் மறுநாள் காலையிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் எண்ணைப் பார்த்து எண்ண மாட்டேன். எழுத்தை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் எண்ணுவேன். 10,050ம் 10,500ம் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஐம்பதும் ஐந்நூறும் வாய்க்கு அப்படியில்லை. சட்டமும் எழுத்தின் பக்கம்தான். எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தில் உள்ள தொகைதான் தொகை என்று 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அப்படிப்பட்ட காசோலையை வங்கி பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும் என்பது வேறு விஷயம்.

தொகை எழுதும்போது ‘ரூபாய்’ முதலிலும் ‘மட்டும்’ கடைசியிலும் வருவதற்குக் காரணம் அவனுக்குச் சொல். வெறும் ‘நூறு’ என்று நடுவில் எழுதிவிட்டால் முன்னால் யாராவது ‘ஆயிரத்து’ சேர்த்து ஆயிரத்து நூறாக்கிவிடலாம். பின்னால் சேர்ப்பது கொஞ்சம் கஷ்டம், நூறு நூற்றாக மாற வேண்டும், அதற்கு நடுவில் ஒரு ற் நுழைய வேண்டும். இருந்தாலும் இரண்டு வாசலையும் பூட்டிவிடுவதுதான் வழக்கம்: ‘ரூபாய் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, பைசா ஐம்பது மட்டும்’. இடது ஓரத்திலிருந்தே தொடங்கி, சொற்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் விடாமல் எழுத வேண்டும். உன்னிடம் நம் நூறு ரூபாய்த் தாள் ஒன்று இருக்குமே, அதன் பின்பக்கம் பதினைந்து மொழிகளில் தொகை இருக்கும். தமிழைக் கண்டுபிடிக்கச் சொல். கீழிருந்து மூன்றாவது வரி.

தாளில் மூன்று பத்தி இருக்கிறது. முதலாவதில் எண், நடுவில் அவன் எழுத்தில் எழுத வேண்டியது, மூன்றாவது காலி. எழுதி முடித்ததும் முதல் பத்தியைப் பின்னால் மடித்துவிடு. மறுநாள், அன்றே கூடாது, அவன் எழுதியதை அவனே வாசித்து மூன்றாவது பத்தியில் எண்ணாக எழுத வேண்டும். அப்புறம் மடிப்பைப் பிரித்து ஒப்பிடுங்கள். 14 கணக்குதான், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டாவது கணக்கில் எழுத்தை நானே எழுதிவிட்டேன், அதில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருக்கிறேன். மடிப்பைப் பிரிக்கும்போது அவன் சண்டைக்கு வருகிறானா என்று பார்த்து எழுது. நீ முன்கூட்டியே பார்க்கக் கூடாது.

அம்மா உன் மூட்டுவலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறாள், வந்து சேர்ந்ததா?

அன்புடன்,
அப்பா